அசையும் படங்கள்: தேடுவது, அனுப்புவது, மங்கினாலும் ஓடாவிட்டாலும் என்ன செய்வது

கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து, கடைத் திறப்பு விழா அழைப்பு என்று அசையும் படங்கள் செய்து தருவது என் தொழில். செய்து கொடுத்த பிறகுதான் கேள்விகள் வர ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் ஜிஃப் அனுப்புவது வாட்ஸ்அப்பில்தான் என்பதால் பதில்களும் அதையே சுற்றி வரும்.

வாட்ஸ்அப்பில் ஜிஃப் எங்கே இருக்கிறது? எப்படித் தேடி அனுப்புவது?

செய்தி எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிரிப்பு முகத்தைத் தொடுங்கள். கீழே திறக்கும் பலகையில் `GIF` என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் பூதக்கண்ணாடிக் குறியைத் தொட்டு, வேண்டிய சொல்லை எழுதித் தேடுங்கள். பிடித்ததைத் தொட்டால் பெரிதாகத் திறக்கும். அனுப்புவதற்கு முன் கீழே ஒரு வரி எழுதவும் இடம் தரும்.

அடிக்கடி அனுப்பும் ஜிஃப் ஒன்று இருந்தால், அரட்டையில் அதை அழுத்திப் பிடித்து நட்சத்திரம் போட்டு வையுங்கள். அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

கூகுள் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கீபோர்டிலேயே தனியாக ஒரு `GIF` பிரிவு உண்டு. தேடல் பலகை இல்லாத செயலிகளில் அது கைகொடுக்கும்.

தமிழில் தேடினால் ஒன்றுமே வரமாட்டேன் என்கிறதே?

இந்தப் பலகைகள் படத்துக்குள் இருப்பதைப் பார்த்துத் தேடுவதில்லை. ஜிஃப்பை ஏற்றியவர் அதனுடன் என்ன குறிச்சொல் போட்டாரோ அதைத்தான் தேடுகின்றன. நம் ஆட்கள் ஏற்றும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் குறிச்சொல் போடுகிறார்கள். "வடிவேலு" என்று தமிழில் அடித்தால் நாலு வரும். `vadivelu` என்று அடித்தால் திரை நிறைய வரும்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒரு மாதிரி எழுதுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். `vanakkam` என்பதில் கிடைக்காதது `vanakam` என்பதில் கிடைக்கும். ஆளின் பெயரோடு உணர்ச்சியையும் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும்: `vadivelu crying`, `goundamani angry`, `tamil happy birthday`. வசனத்தைத் தேடுவதைவிட அந்த முகம் என்ன செய்கிறது என்று தேடுவது பலன் தரும். ஏனென்றால் குறிச்சொல் போடுபவர் வசனத்தை முழுதாக எழுதுவது அபூர்வம்.

இணையத்தில் அழகாக அசைந்த படத்தைச் சேமித்து அனுப்பினேன். அசையாத போட்டோவாகப் போய்விட்டது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நீங்கள் சேமித்திருக்க மாட்டீர்கள், நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். கணினி உலாவியில் படத்தின்மேல் வலது சொடுக்கில் "நகலெடு" என்றால், அசைவை உண்டாக்கும் வரிசைப் படங்களில் அந்த நொடியில் தெரிகிற ஒரே ஒரு படம், அதாவது ஒரே ஒரு சட்டகம்தான் போட்டோவாக நகலாகும். அசைவு அங்கேயே விட்டுப்போகும். "படத்தைச் சேமி" என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

இரண்டாவது, தேடல் முடிவில் தெரிந்த சிறுபடத்தைச் சேமித்திருப்பீர்கள். அது மூலப் படத்தின் முன்னோட்டம் மட்டுமே. அந்தப் படம் இருக்கும் பக்கத்துக்கே போய், அங்கே அது அசைவதைப் பார்த்த பிறகு சேமியுங்கள்.

மூன்றாவது, சேமித்தது ஜிஃப்பே இல்லாமல் இருக்கும். இப்போது பல தளங்கள் அசையும் படங்களை `.webp` என்ற வேறு வடிவத்தில் தருகின்றன. உலாவிகளுக்கு அது தெரியும். சஃபாரிகூட 2020 முதல் அதைக் காட்டுகிறது. ஆனால் படத்தை வாங்கி அனுப்பும் எல்லாச் செயலிகளும் அதை அசையும் படமாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் சட்டகத்தை மட்டும் எடுத்துப் போட்டோவாக அனுப்பிவிடும்.

பெயரின் கடைசியில் `.webp` என்பதை அழித்து `.gif` என்று எழுதினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. டப்பாவின் மேல் லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் சாமான் மாறாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: கணினியில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறங்கள். புரியாத எழுத்துகள் கொட்டிக் கிடக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். முதல் ஆறு எழுத்துகள் `GIF89a` என்றோ `GIF87a` என்றோ இருந்தால் அது உண்மையான ஜிஃப். `RIFF` என்று தொடங்கிச் சற்றுத் தள்ளி `WEBP` என்று இருந்தால் வெப்பி. ஆரம்பத்திலேயே `ftyp` என்று தெரிந்தால் அது வீடியோ. அந்த 87, 89 என்பவை ஆண்டுகள். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் இந்த வடிவத்தை வெளியிட்டது, 1989-இல் திருத்தியது. இன்றைக்கும் ஒவ்வொரு ஜிஃப்பின் நெற்றியிலும் அந்த ஆண்டு எழுதியிருக்கிறது.

எனக்கு வந்த ஜிஃப்பை கேலரியில் பார்த்தால் வீடியோ என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. அது வீடியோவேதான். வாட்ஸ்அப்பில் ஓரத்தில் `GIF` என்று போட்டு ஓடுவது எல்லாமே ஒலி இல்லாத `.mp4` வீடியோ. நீங்கள் உண்மையான ஜிஃப் கோப்பைக் கொடுத்தாலும் அனுப்பும்போதே செயலி அதை வீடியோவாக மாற்றிவிடும். "இதைத் தானாக ஓடவிடு, முடிந்ததும் மறுபடி தொடங்கு" என்று ஒரு குறிப்பை மட்டும் கூடவே அனுப்பும். டெலிகிராமும் இதைத்தான் செய்கிறது, எக்ஸ் தளமும் இதைத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டில் கோப்புகளைத் திறந்து `WhatsApp Animated Gifs` என்ற அடைவைப் பாருங்கள், உள்ளே வரிசையாக `.mp4` கோப்புகள் இருக்கும்.

காரணம் எடைதான். ஜிஃப் ஒவ்வொரு சட்டகத்தையும் ஏறக்குறைய தனிப் படமாகச் சுருக்கிச் சேர்த்து வைக்கும். வீடியோவோ ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் எழுதி வைக்கும். கேமராவில் எடுத்த அதே காட்சியை இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தால் ஜிஃப் பல மடங்கு கனமாக இருக்கும்.

இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், மங்கல் பற்றி வரும் புகார்களில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த படம் போய்ச் சேருவதற்குள் ஒருமுறை உருமாறுகிறது.

ஜிஃப் வந்தவுடன் பனிமூட்டம் மாதிரி தெரிகிறது, நடுவில் ஒரு வட்டம் இருக்கிறது. கெட்டுப்போன படமா?

இன்னும் வந்து சேராத படம். செய்தியோடு முதலில் வருவது தபால்தலை அளவுகூட இல்லாத ஒரு சிறுபடம். அதைத்தான் திரை அகலத்துக்கு இழுத்துக் காட்டுகிறது, அதனால் மூட்டம். வட்டத்தைத் தொட்டு இறக்கினால் தெளிவாகும்.

தொட்டும் இறங்கவில்லை என்றால் இணையத்தையும் போனில் மிச்சமிருக்கும் இடத்தையும் பாருங்கள். நிரம்பி வழியும் போனில் படம் இறங்காது, மூட்டம் அப்படியே நிற்கும். ரொம்ப நாளான செய்தி என்றால் கோப்பு அங்கே இல்லாமலும் போயிருக்கலாம். அப்போது அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்வதுதான் ஒரே வழி.

அனுப்பும்போது என் போனில் கண்ணாடி மாதிரி இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் எழுத்தெல்லாம் கரைந்து போயிருக்கிறது. என்ன செய்வது?

நானே பட்ட பாட்டைச் சொல்கிறேன், அதில் எல்லாம் அடங்கும்.

ஒரு கடைக்காரருக்காகப் பொங்கல் வாழ்த்து செய்தேன். 1080-க்கு 1080 சதுரம், 4 வினாடி, வினாடிக்கு 25 சட்டகம், ஆக 100 சட்டகம். பின்னால் கரும்புத் தோகையின் பச்சை, அதன்மேல் நல்ல சிவப்பில் "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்". ஓரங்களில் பச்சை மெல்ல மெல்லக் கருக்கும். பானை பொங்கும், கூடவே எழுத்துகளும் லேசாக மினுங்கும். கணினியில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஜிஃப்பாகச் சேமித்து அனுப்பினேன். அவர் போனில் "பொங்கல்" என்பதில் இருந்த இரண்டு புள்ளிகளும் பச்சையில் கரைந்திருந்தன. "நல்வாழ்த்துகள்" படிக்கவே முடியவில்லை. எழுத்துகளின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கசிந்திருந்தது.

இதில் மூன்று தவறுகள் இருந்தன, மூன்றும் என்னுடையவை.

ஒன்று, நிறம். போனில் ஓடும் வீடியோவில் வெளிச்சம், நிறம் என்று இரண்டும் தனித்தனியாக வைக்கப்படும். வெளிச்சம் படத்தின் ஒவ்வொரு பிக்சல் புள்ளிக்கும் தனியாக உண்டு. நிறமோ பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பிடிக்காது என்பதால் எடையைக் குறைக்க இப்படி ஓர் ஏற்பாடு. சாதாரணக் காட்சிகளில் யாருக்கும் தெரியாது. ஆனால் என் சிவப்பும் என் பச்சையும் வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்று. எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டியது நிறம் மட்டுமே, அந்த நிறமோ கால்வாசியாகக் குறைந்துவிட்டது. தமிழில் இதன் விலை அதிகம். ஒரு சின்னப் புள்ளி போனால் "ல்" என்பது "ல" ஆகிவிடும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. செய்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாப் போனிலும் படத் திருத்தத்தில் இதற்கு ஒரு வடிகட்டி இருக்கும். கறுப்பு வெள்ளையில் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் வீடியோவிலும் தெரியும். சாம்பலோடு சாம்பலாக மறைந்தால் அனுப்பாதீர்கள். என் படத்தை அப்படி மாற்றியபோது எழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

இரண்டு, இரட்டை உருமாற்றம். ஜிஃப்பில் ஒரு சட்டகத்துக்கு அதிகபட்சம் 256 நிறங்கள்தான். மெல்லக் கருக்கும் பச்சைக்கு அது போதாது. அதனால் மென்பொருள் இரண்டு பச்சைகளைப் பொடிப்பொடியாகக் கலந்து தூவி, இல்லாத பச்சையை இருப்பதுபோல் காட்டும். அது வீடியோவாக மாறும்போது அந்தத் தூவலைச் சுருக்குவது பெரிய வேலை. ஒவ்வொரு சட்டகத்திலும் தூசி மாதிரி எல்லா இடத்திலும் மாறிக்கொண்டே இருக்கும். வீடியோவுக்கு இவ்வளவு எடைதான் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முழுவதும் தூசியைப் பிடிப்பதில் செலவாகி, எழுத்துக்கு மிச்சமில்லாமல் போகும்.

மூன்று, எல்லாமே அசைந்தது. பானை மட்டும் பொங்கியிருந்தால் போதும். எழுத்தையும் மினுங்க வைத்ததால் ஒவ்வொரு சட்டகத்திலும் அதைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது.

மறுபடி செய்தபோது இப்படி மாற்றினேன். பின்னணி ஒரே வெளிர் சந்தன நிறம், எழுத்து அடர்ந்த அரக்கு. அளவு 720-க்கு 720. எழுத்தைப் பெரிதாக்கி, "நல்வாழ்த்துகள்" என்பதைத் தனி வரியாக்கி, புள்ளிகள் தடிமனாக இருக்கும் எழுத்துருவைப் போட்டேன். எழுத்து அசையாது, பானை மட்டும் பொங்கும். வினாடிக்கு 15 சட்டகம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஜிஃப்பாகச் சேமிக்கவே இல்லை. நேராக `.mp4` வீடியோவாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் வீடியோவாக இணைத்து, அனுப்பும் முன் வரும் திரையில் `GIF` பொத்தானைத் தொட்டேன். 256 நிறத்தின் வழியாகப் போகும் வேலையே மிச்சம். அதே கடைக்காரர் போனில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது.

இன்னொருவர் அனுப்பியதை நான் மற்றவர்களுக்கு அனுப்பினால் மேலும் மங்குமா?

ஃபார்வர்டு செய்தால் மங்காது. ஏற்கெனவே இருக்கும் அதே கோப்புதான் போகும். கேலரியில் சேமித்து, அங்கிருந்து புதிதாக இணைத்து அனுப்பினால் மறுபடி ஒருமுறை சுருக்கப்பட வாய்ப்பு உண்டு. நாலு கை மாறும்போது நாலு முறை. திரையைப் பதிவு செய்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம்.

ஒரு துளிகூட மாறாமல் மூலக் கோப்பே போக வேண்டும் என்றால், கேலரி வழியாக அனுப்பாமல் `Document` என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் அரட்டைக்குள் அசையாது; பெறுபவர் இறக்கித் திறந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கோப்பைக் கொடுக்க இது சரி, அத்தைக்கு வாழ்த்து சொல்ல இது சரிவராது.

தேடி எடுத்த ஜிஃப்பே தெளிவில்லையே, அதை யாரும் சுருக்கவில்லையே?

அது பிறவியிலேயே சின்னதாக இருக்கும். ஜிஃப் தளங்கள் ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்திருக்கும். ஜிஃபி தளத்தில் 200 புள்ளி உயரமுள்ளது ஒன்று, 100 புள்ளி உயரமுள்ளது ஒன்று என்று உண்டு. டெனாரில் 220 புள்ளி அகலத்தில் ஒன்று உண்டு. பலகையில் வரிசையாக ஓடிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை இவை. இன்றைய பல போன்களின் திரை அகலவாக்கில் 1080 புள்ளி. 220-ஐ 1080-க்கு இழுத்தால் ஒரு புள்ளி ஐந்து புள்ளியாகும், எப்படித் தெளிவாக இருக்கும்?

தேடல் வரிசையிலேயே அழுத்திப் பிடித்துச் சேமித்தால் பெரும்பாலும் இந்தச் சின்னதுதான் கிடைக்கும். படத்தைத் தொட்டு அதன் தனிப் பக்கத்துக்குப் போய், அங்கே பெரிதாக ஓடுவதைச் சேமியுங்கள். அங்கும் மங்கலாக இருந்தால், ஏற்றியவரே பழைய டிவிப் பதிவிலிருந்து எடுத்திருப்பார். நம் பழைய நகைச்சுவைக் காட்சிகளின் ஜிஃப்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. அதைத் தெளிவாக்க ஒன்றும் செய்ய முடியாது. அதே காட்சியை வேறொருவர் ஏற்றியிருக்கிறாரா என்று பாருங்கள்.

வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது, முகத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இதுவும் அளவுப் பிரச்சினையா?

இல்லை, மேலே சொன்ன 256 நிறக் கணக்கு. பொடித் தூவல் இல்லாமல் செய்தால் வானம் பட்டையாகும், தூவலோடு செய்தால் முகம் புள்ளியாகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கோட்டுச் சித்திரம், எழுத்து, கார்ட்டூன் போன்றவற்றுக்கு ஜிஃப் அருமையான வடிவம். கேமராவில் எடுத்த காட்சிக்கு அது பொருத்தமான வடிவம் அல்ல. அதற்கு வீடியோவே நல்லது.

ஒரு தடவை ஆடிவிட்டு நின்றுவிடுகிறதே?

ஜிஃப்புக்கு இயல்பாகவே திரும்பத் திரும்ப ஆடும் குணம் கிடையாது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவிதான் "இத்தனை முறை ஆடு" என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் வழியைச் சேர்த்தது. இன்றும் அந்தக் குறிப்பின் பெயர் `NETSCAPE2.0` என்றே கோப்பில் இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாத ஜிஃப் ஒரு முறை ஆடி நிற்கும். 3 என்று எழுதியிருந்தால் சில முறை ஆடி நிற்கும். 0 என்றால் நிறுத்தாமல் ஆடும்.

நீங்கள் செய்யும் ஜிஃப் என்றால், சேமிக்கும் திரையில் `Loop` அல்லது `Forever` என்று இருப்பதைப் பாருங்கள். எங்கிருந்தோ வந்தது என்றால், எந்த இணைய ஜிஃப் திருத்தியிலும் அந்த எண்ணை மட்டும் 0 ஆக்கிச் சேமிக்கலாம். படத்தின் தரம் குறையாது.

வேகமாக ஓடவேண்டியது நத்தை மாதிரி நகர்கிறது. போன் பழசானதாலா?

போன் பழசாக இருந்து தடுமாறினால் விட்டுவிட்டு ஓடும். சீராக மெதுவாக ஓடாது. சீராக மெதுவாக ஓடினால் கோப்பில்தான் கோளாறு. ஒவ்வொரு சட்டகமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை ஜிஃப் நூறில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் எழுதி வைக்கும். "முடிந்தவரை வேகமாக" என்று நினைத்து யாராவது 0 அல்லது 1 என்று போட்டுவிட்டால், உலாவிகள் அதை ஏற்காமல் 10 என்று எடுத்துக்கொள்ளும். வினாடிக்கு 100 சட்டகம் கேட்டவருக்கு 10 சட்டகம்தான் கிடைக்கும். அந்த எண்ணை 2 ஆக்கினால் வினாடிக்கு 50, அதுதான் ஜிஃப்பின் உச்ச வேகம். 4 என்றால் 25. வாழ்த்துப் படங்களுக்கு நான் 7 அல்லது 8 வைப்பேன், அதுவே போதும்.

என் போனில் ஓடுகிறது, மாமாவின் ஐபோனில் மட்டும் ஓடவில்லை. அவர் போனில் என்ன குறை?

குறை இல்லை, ஓர் அமைப்பு அணைந்திருக்கும். ஐஓஎஸ் 17 முதல் `Settings` திறந்து `Accessibility`, அதில் `Motion` என்று போனால் `Auto-Play Animated Images` என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தால் சஃபாரியிலும் ஆப்பிள் மெசேஜிலும் அசையும் படங்கள் தானாக ஓடாது. தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. மாமா தெரிந்தே அணைத்திருக்கலாம், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் எங்குமே ஜிஃப் ஓடவில்லை என்றால் `about:config` பக்கத்தில் `image.animation_mode` என்பதைத் தேடச் சொல்லுங்கள். அது `none` என்றிருந்தால் ஓடாது, `once` என்றால் ஒரே முறை, `normal` என்றால் வழக்கம்போல்.

இன்ஸ்டாகிராமில் ஜிஃப்பைப் பதிவாகப் போட முடியவில்லையே?

அங்கே ஜிஃப் கோப்பு அசையாது. வீடியோவாக மாற்றித்தான் போட வேண்டும். கணினியில் வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் இருந்தால் ஒரு வரிக் கட்டளையில் முடியும்:

```
ffmpeg -i in.gif -pix_fmt yuv420p -vf "scale=trunc(iw/2)*2:trunc(ih/2)*2" out.mp4
```

நடுவில் உள்ள அந்தக் கணக்கு அகலத்தையும் உயரத்தையும் இரட்டைப்படை எண்ணாக்குவதற்கு. நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சொன்னேன் அல்லவா, ஒற்றைப்படையாக இருந்தால் ஓரத்தில் ஒரு வரிசை பங்கு பிரியாமல் நிற்கும், மாற்றமும் பிழை காட்டி நின்றுவிடும்.

வீட்டுக் குழந்தையின் வீடியோவிலிருந்து ஜிஃப் செய்ய வேண்டும். எது சுலபம்?

வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் என்றால் தனிச் செயலி எதுவும் வேண்டாம். வீடியோவை இணைத்து, மேலே உள்ள பட்டையின் இரு முனைகளையும் இழுத்து 6 வினாடிக்குள் வெட்டுங்கள். அப்போது `GIF` என்ற பொத்தான் தெரியும், தொட்டு அனுப்புங்கள். வீடியோ நீளமாக இருக்கும்வரை அந்தப் பொத்தான் கண்ணில் படாது. "எனக்கு மட்டும் இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வெட்டாமல் தேடியவர்கள்.

இணையப் பக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோ உண்மையான ஜிஃப்பே வேண்டும் என்றால் இந்த வரி:

```
ffmpeg -ss 2 -t 3 -i video.mp4 -vf "fps=12,scale=360:-1:flags=lanczos,split[a][b];[a]palettegen[p];[b][p]paletteuse" out.gif
```

இரண்டாவது வினாடியிலிருந்து மூன்று வினாடி எடுத்து, வினாடிக்கு 12 சட்டகம், 360 புள்ளி அகலத்தில் ஜிஃப் ஆக்கும். `palettegen` என்பது அந்த மூன்று வினாடிக்கு எந்த 256 நிறங்கள் தேவை என்று முதலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அதை விட்டுவிட்டால் பொதுவான நிறப் பட்டியலை வைத்துக்கொண்டு குழந்தையின் முகத்தைத் திட்டுத்திட்டாக்கிவிடும். கோப்பு கனமாக வந்தால் முதலில் நேரத்தைக் குறையுங்கள், அடுத்து அகலத்தை. அகலம் பாதியானால் உயரமும் பாதியாகும், புள்ளிகளின் எண்ணிக்கை கால்வாசியாகும்.

அலுவலக மின்னஞ்சலில் அழைப்பிதழ் ஜிஃப் அனுப்பினேன். சிலருக்கு வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரிந்ததாம்.

அவர்கள் பழைய அவுட்லுக் வைத்திருப்பார்கள். கணினியில் நிறுவும் அவுட்லுக் 2007 முதல் 2016 வரை, மின்னஞ்சலைக் காட்ட வேர்டு மென்பொருளின் இயந்திரத்தையே பயன்படுத்தியது. அதற்கு ஜிஃப்பை ஆட்டத் தெரியாது, முதல் சட்டகத்தை மட்டும் காட்டி நிற்கும். உங்கள் அழைப்பிதழ் வெள்ளைத் தாளாகத் தொடங்கி எழுத்து மெல்ல மலர்வதுபோல் இருந்திருக்கும். அந்த முதல் சட்டகத்தில் வெள்ளைத் தாள் மட்டும்தானே இருக்கிறது.

பிடிஎஃப் ஆக்கினாலும் இதே கதி. பவர்பாயிண்டில் திருத்தும்போது அசையாமல் இருக்கும், ஸ்லைடு ஷோ போட்டால் அசையும்.

அதனால் ஆள் பெயர், நாள், இடம் மூன்றும் நிறைந்த முழு அழைப்பிதழை முதல் சட்டகமாக வையுங்கள். அதை அரை வினாடி நிறுத்தி, பிறகு வெள்ளையாக்கி மலர விடுங்கள். ஓடும் இடத்தில் அழகு குறையாது. ஓடாத இடத்திலும் கல்யாணம் எந்தத் தேதி, எந்த மண்டபம் என்று வாசித்துக்கொள்வார்கள்.